பத்து நிமிடப் பெற்றோர் சந்திப்பு: வகுப்பாசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காலாண்டுத் தேர்வு முடிந்து விடைத்தாள் கொடுத்ததும் ஆசிரியர் அறையில் ஆரம்பிக்கும் பேச்சு இது. புதிதாக வகுப்பாசிரியர் ஆனவர்கள் வந்து கேட்பார்கள், பல வருட அனுபவம் உள்ளவர்களும் கேட்பார்கள். நான் ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன், வகுப்பாசிரியராகவும் இருக்கிறேன். திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை, கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

பத்து நிமிஷத்துல என்னத்தைப் பேச முடியும்? எதை முதல்ல, எதை அப்புறம் பேசுறது?

நான் பின்பற்றும் கணக்கைச் சொல்கிறேன். வரவேற்று உட்கார வைக்க அரை நிமிடம். பெற்றோர் பேச இரண்டு நிமிடம். பிள்ளைக்கு நன்றாக வருவதைக் காட்ட இரண்டு நிமிடம். கவலைப்பட வேண்டிய ஒரு விஷயத்துக்கு மூன்று நிமிடம். வீட்டில் என்ன, பள்ளியில் என்ன என்று பேசி முடிவெடுக்க இரண்டு நிமிடம். கடைசி அரை நிமிடத்தில் அந்த முடிவை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுக்க வேண்டும்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பது ஒன்றில்தான். ஐந்தாவது நிமிடம் முடிவதற்குள் கவலையைப் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். ஒரு வருடம் ஒரு அப்பாவிடம் எட்டு நிமிடம் நல்லதையே பேசிவிட்டு, அவர் எழுந்து வாசலுக்குப் போகும்போது "இங்கிலீஷ்ல மட்டும் கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அரையாண்டில் மகள் ஆங்கிலத்தில் தோற்றபோது, "அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்" என்று கேட்டார். நான் சொல்லத்தான் செய்தேன், ஆனால் அவர் காதில் விழும் இடத்தில் சொல்லவில்லை.

முதல்ல பெற்றோரைப் பேச விட்டா அதுலயே நேரம் போயிடாதா?

"என்ன கேட்கணும்?" என்று பொதுவாகக் கேட்டால் போய்விடும். "வீட்டுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தைப் பத்தி என்ன சொல்றான்?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்குப் பதில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதற்குள் உங்களுக்குத் தெரியாத ஏதாவது ஒன்று பெரும்பாலும் வெளியே வந்துவிடும்.

அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போதே மனதில் ஒரு கேள்வியோடுதான் வருகிறார்கள். அதை இறக்கி வைக்கும்வரை நாம் சொல்வது எதுவும் உள்ளே போகாது. முதலில் கேட்பது மரியாதைக்காக மட்டுமில்லை, பின்னால் வரும் எட்டு நிமிடமும் வீணாகாமல் இருக்கத்தான்.

என் வகுப்புல நாப்பது பேர். ஆளுக்குப் பத்து நிமிஷம்னா எங்க போறது?

நாற்பது பேருக்கு 400 நிமிடம், அதாவது ஆறு மணி நாற்பது நிமிடம். ஒரே நாளில் யாராலும் ஒழுங்காக முடிக்க முடியாது. நாங்கள் இரண்டு சனிக்கிழமையாகப் பிரித்துக்கொண்டோம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை பத்து நிமிடமாகப் பிரித்தால் 24 இடம் வரும். ஐந்து குடும்பத்துக்கு ஒருமுறை ஒரு இடத்தைக் காலியாக விடுவோம். அப்படி விட்டால் ஒரு நாளைக்கு இருபது குடும்பம். அந்தக் காலி இடம்தான் தாமதத்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். அது இல்லாவிட்டால், ஒவ்வொரு பேச்சும் இரண்டு நிமிடம் நீண்டாலே, பன்னிரண்டு மணிக்கு வருபவரை அரை மணி நேரத்துக்கு மேல் காக்க வைத்துவிடும்.

நிர்வாகம் ஒரே நாள்தான் தரும் என்றால், மீதிப் பேரை அந்த வாரத்தில் வேலை நாள் மாலைகளில் வரச் சொல்லலாம். எல்லோருக்கும் ஐந்து நிமிடம் என்று சுருக்குவதை மட்டும் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் மதிப்பெண் வாசிப்பதற்குத்தான் நேரம் இருக்கும். 'பிரச்சினைப் பிள்ளைகள்' ஒரு நாள், மற்றவர்கள் இன்னொரு நாள் என்றும் பிரிக்க வேண்டாம். பிள்ளைகள் இதை ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முன்னாடியே என்ன தயார் பண்ணி வைக்கணும்?

ஒவ்வொரு பிள்ளைக்கும் அரைத் தாள் போதும். அதில் மூன்று வரி இருக்க வேண்டும். முதல் வரி, நன்றாகச் செய்ததை நானே பார்த்த ஒரு சம்பவம், தேதியோடு. இரண்டாவது, ஒரே ஒரு கவலை, அது தெரியும் இடத்தோடு (எந்த நோட்டில், எந்தப் பக்கத்தில், விடைத்தாளில் எந்தக் கேள்வியில்). மூன்றாவது, பெற்றோரிடம் நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது. நோட்டையும் விடைத்தாளையும் அந்தப் பக்கத்திலேயே துண்டுத் தாள் செருகி வைத்துவிடுங்கள். புரட்டித் தேடினால் ஒரு நிமிடம் போய்விடும்.

நாற்பது பேரைப் பற்றி ஒரே ராத்திரி உட்கார்ந்து எழுதினால் எல்லாம் ஒரே மாதிரிதான் வரும். மூன்று வாரம் முன்பே ஆரம்பித்து, தினமும் மூன்று பிள்ளைகளை மட்டும் கவனித்து எழுதினால் பதினான்கு பள்ளி நாளில் முடிந்துவிடும். மற்றப் பாட ஆசிரியர்களிடமும் ஆளுக்கு ஒரு வரி வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பாடத்தில் வாயே திறக்காத பிள்ளை தமிழ் வகுப்பில் முதல் ஆளாகக் கை தூக்கக்கூடும்.

இன்னொன்று, காத்திருப்பவர்களுக்கான பெஞ்சை வராந்தாவில் போடுங்கள். வகுப்பறைக்குள்ளேயே வரிசையாக உட்கார வைத்தால், ஒரு வீட்டுக் கதை பத்து வீட்டுக்குப் போய்விடும்.

நல்லதை முதல்ல சொன்னா, அடுத்து "ஆனா" எப்ப வரும்னு காத்துக்கிட்டு இருக்காங்க. என்ன பண்றது?

அவர்கள் காத்திருப்பது நியாயம்தான். நாம் பாராட்டைக் கசப்பு மருந்துக்கு முன்னால் கொடுக்கும் சர்க்கரையாகப் பயன்படுத்திப் பழக்கிவிட்டோம். இதற்கு நான் இரண்டு விஷயம் செய்கிறேன். உட்கார்ந்ததுமே, "ரெண்டு விஷயம் பேசப் போறோம். ஒண்ணு அவளுக்கு நல்லா வர்றது, இன்னொண்ணு நாம சேர்ந்து சரி பண்ண வேண்டியது" என்று சொல்லிவிடுவேன். இரண்டாவது ஒன்று வரப்போகிறது என்று தெரிந்துவிட்டால், முதலாவதை நிம்மதியாகக் கேட்பார்கள்.

நான் செய்யும் இரண்டாவது விஷயம்தான் முக்கியம். பலத்தையும் கவலையையும் "ஆனால்" போட்டு ஒட்டாதீர்கள். அந்தப் பலம் இந்தக் கவலையைச் சரிசெய்ய எப்படி உதவும் என்று யோசித்து, அந்த வழியாகக் கொண்டுபோய்ச் சேருங்கள். அப்படிச் சேர்க்க முடியாத பலத்தையும் சொல்லலாம், தவறில்லை. சேர்க்க முடிந்ததைச் சொன்னால்தான் கடைசி இரண்டு நிமிடம் பேச ஏதாவது இருக்கும். கீழே ஒரு பையனின் சந்திப்பை முழுக்கச் சொல்லும்போது இது புரியும்.

உண்மையைச் சொல்லணும்னா, சில பிள்ளைங்களைப் பத்திச் சொல்ல நல்லது எதுவுமே கிடைக்கலை.

அப்படியென்றால் மதிப்பெண் பட்டியலுக்குள்ளேயே தேடுகிறீர்கள் என்று அர்த்தம். வகுப்பில் யார் பென்சில் கடன் கொடுக்கிறார்கள், சண்டையை யார் விலக்குகிறார்கள், தப்பான கணக்கை அழித்துவிட்டு மறுபடி யார் போடுகிறார்கள் என்று மூன்று நாள் பாருங்கள். ஒரு சோதனை வைத்துக்கொள்ளுங்கள். எழுதிய வாக்கியத்தில் பெயரை மாற்றினால் வேறு பிள்ளைக்கும் அது பொருந்துமா? பொருந்தினால் அது பாராட்டு இல்லை. "நல்ல பையன், அமைதியா இருப்பான்" என்பது யாருக்கும் பொருந்தும். "போன செவ்வாய்க்கிழமை புதுசா சேர்ந்த பையனுக்குச் சத்துணவு வரிசை எங்கன்னு கூட்டிட்டுப் போய்க் காட்டினான்" என்பது அவனுக்கு மட்டும்தான் பொருந்தும். இதைக் கேட்கும் அம்மாவின் முகத்தைப் பாருங்கள். டீச்சர் என் பிள்ளையைப் பார்த்திருக்கிறார் என்ற நம்பிக்கை வந்துவிடும். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் கவலையையும் அதே நம்பிக்கையோடு கேட்பார்.

குறைன்னு பார்த்தா நாலஞ்சு இருக்கு. எல்லாத்தையும் சொல்லிடலாமா?

வேண்டாம். மூன்று நிமிடத்தில் ஒன்றைத்தான் ஒழுங்காகப் பேச முடியும். ஐந்தையும் அடுக்கினால் வீட்டுக்குப் போய்ச் சேருவது "டீச்சர் உன்னைப் பத்திக் குறையாத்தான் சொல்றாங்க" என்ற ஒரே வரி. எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமாக இருந்தால், எது சரியானால் மற்றவையும் கொஞ்சம் குறையும் என்று பாருங்கள். வீட்டுப்பாடம் முடிக்காதது, கையெழுத்து மோசமானது, கடைசிப் பாடவேளையில் தூங்குவது என்று மூன்று இருந்தால், முதலில் பேச வேண்டியது தூக்கம்.

சொல்லும்போது, பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். "கவனமே இல்லை", "சோம்பேறி", "அக்கறை இல்லை" என்பதெல்லாம் நாம் போடும் தீர்ப்புகள். "இந்த மாசம் எட்டு வீட்டுப்பாடத்துல மூணுதான் வந்துச்சு" என்று நோட்டைத் திறந்து காட்டினால் வாதாட ஒன்றுமில்லை. அடுத்து அவர்களே காரணத்தைச் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

ஒரு சந்திப்பை முழுசா சொல்லுங்களேன், எப்படிப் போச்சுன்னு.

ஏழாம் வகுப்புப் பையன், கணக்கில் தோல்வி. வந்தது அவன் அம்மா, தையல் கம்பெனியில் வேலை, ராத்திரி எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவார். வீட்டில் என்ன சொல்கிறான் என்று கேட்டதும், "கணக்குன்னாலே எரிஞ்சு விழறான் மிஸ். மத்தபடி கடையில மீதிச் சில்லறையெல்லாம் கரெக்டா வாங்கிட்டு வந்துடுவான்" என்றார். நான் சொல்ல நினைத்திருந்ததன் பாதியை அவரே சொல்லிவிட்டார்.

விடைத்தாளைத் திறந்தேன். நேரடியாகக் கூட்டு, பெருக்கு என்று கேட்டவை எல்லாம் சரி. வார்த்தைக் கணக்கு ஐந்தில் நான்கை எழுதவே இல்லை, வெறும் வெள்ளைத் தாள். முந்தின வாரம் அதில் ஒன்றை நான் அவனுக்கு வாசித்துக் காட்டியிருந்தேன்: ஒரு கடைக்காரர் 45 ரூபாய் வீதம் 12 நோட்டு வாங்கி, 50 ரூபாய் வீதம் விற்றால் லாபம் எவ்வளவு? பேனாவை எடுக்காமலேயே "அறுபது" என்றான். வாங்கிய விலை 540, விற்ற விலை 600 என்று பெருக்கிக் கழிக்கவில்லை. ஒரு நோட்டுக்கு ஐந்து ரூபாய், பன்னிரண்டுக்கு அறுபது என்று மனதிலேயே போட்டுவிட்டான். இதைத்தான் அந்த இரண்டு நிமிடத்தில் அம்மாவிடம் சொன்னேன்.

அடுத்து, "காதால கேட்டா போட்டுடறான். கண்ணால படிக்கிறப்பதான் நிக்கிறான்" என்றேன். கணக்குத் தெரியவில்லை என்பதல்ல சிக்கல், கேள்வியை வாசிப்பதுதான். போர்டில் உள்ளது தெரிகிறதா, கண் பரிசோதனை எப்போது செய்தது என்று கேட்டேன். போன வருடம் பள்ளியில் முகாம் நடந்தபோது பார்த்தார்கள், சரியாக இருந்தது என்றார். முடிவாக, தினமும் இரண்டு வார்த்தைக் கணக்கு. அவன் கேள்வியைச் சத்தமாக வாசிக்க வேண்டும், கொடுத்திருப்பதற்கு ஒரு கோடு, கேட்டிருப்பதற்கு இரண்டு கோடு போட வேண்டும். பத்தாவது படிக்கும் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும், சொல்லித்தர வேண்டாம். கணக்கை நான் தருவேன், மூன்று வாரம் கழித்து நோட்டைப் பார்ப்பேன். இதைத் துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தபோது ஒன்பதரை நிமிடம் ஆகியிருந்தது.

நல்லாப் படிக்கிற பிள்ளைக்கு என்ன கவலை சொல்றது? இல்லாததை உண்டாக்கணுமா?

உண்டாக்க வேண்டாம். அந்த மூன்று நிமிடத்தை அடுத்த படிக்குக் கொடுங்கள், பிள்ளை தானாக எதைத் தேடிப் போகிறாள், எங்கே சலித்துப்போகிறாள் என்று. 98 எடுத்துவிட்டு இரண்டு மதிப்பெண்ணுக்கு அழுகிறாள் என்றால் அதுவே பேச வேண்டிய விஷயம்.

பிள்ளையையும் கூட உட்கார வைக்கலாமா?

ஆறாம் வகுப்புக்கு மேல் என்றால் நான் வைத்துக்கொள்வேன். ஒரு நிபந்தனை உண்டு. நான் சொல்லப்போகும் கவலை என்ன என்று பிள்ளைக்கு இரண்டு நாள் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அம்மா அப்பா முன்னால் முதல்முறையாகக் கேட்டால் அது சந்திப்பு இல்லை, விசாரணை. முன்பே பேசியிருந்தால், "நீயே சொல்றியா?" என்று கேட்கும்போது பெரும்பாலான பிள்ளைகள் நம்மைவிட நேர்மையாகவே சொல்கிறார்கள். குடும்பச் சூழல் பற்றிப் பேச வேண்டியிருந்தால் மட்டும் பிள்ளையை வெளியே அனுப்பிவிடுங்கள்.

கவலையைச் சொன்னதும் அந்த அப்பா அங்கேயே பிள்ளையை அடிக்கக் கை ஓங்கிட்டார். "நீங்களும் ரெண்டு போடுங்க மிஸ்"ங்கிறார்.

உடனே எழுந்து பிள்ளைக்கும் அவருக்கும் நடுவில் நில்லுங்கள். "இங்க வேண்டாம் சார், உட்காருங்க" என்று மட்டும் சொல்லி, பிள்ளையை நோட்டு எடுத்துவர அனுப்புங்கள். அவர் கொடுக்கும் அனுமதி நமக்குத் தேவையில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மன ரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. இதை அவரிடம் மிரட்டலாகச் சொல்லாமல், "எங்களுக்கு அது கூடாது சார், அதனால வேற வழி பார்ப்போம்" என்று சொல்லி, வீட்டில் செய்ய வேண்டிய வேலைக்குப் பேச்சைத் திருப்பிவிடுங்கள்.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக அந்தப் பிள்ளையைப் பாருங்கள். உடம்பில் காயம் இருந்தாலோ, வீட்டுக்குப் போகவே பயப்பட்டாலோ, அன்றே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 எந்த நேரமும் இயங்குகிறது.

எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வர்றாங்க. ரேங்க் கார்டுல கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி அனுப்பிடறதா?

அவருக்குத்தான் பத்து நிமிடமும் முழுசாகக் கொடுக்க வேண்டும். ரேங்க் கார்டை மூடி வைத்துவிட்டு நோட்டை எடுங்கள். ஜூன் மாதப் பக்கத்தையும் செப்டம்பர் பக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எழுத்துத் தெரியாதவருக்கும் வித்தியாசம் தெரியும். வீட்டு வேலையாக அவரால் முடிவதைக் கேளுங்கள். மேலே சொன்ன பையனுக்கு அக்கா இல்லையென்றால் பாட்டியே உட்கார்ந்து கேட்டிருக்கலாம். திக்காமல் வாசிக்கிறானா, ஒரு கோடும் இரண்டு கோடும் போட்டிருக்கிறானா என்று பார்க்க எழுத்து வேண்டியதில்லை.

வந்தவர் என் மேலயே குறை சொல்ல ஆரம்பிச்சுட்டா?

பெற்றோருக்கான இரண்டு நிமிடத்தை மூன்றாக்கிக்கொண்டு கேளுங்கள், இடையில் விளக்கம் சொல்லாதீர்கள். சொன்னதை எழுதிக்கொள்ளுங்கள், எழுதுவதைப் பார்த்தாலே குரல் தணியும். அதில் உண்மை இருந்தால் அங்கேயே ஒப்புக்கொள்ளுங்கள். விசாரிக்க வேண்டியது என்றால் எந்த நாளுக்குள் பதில் சொல்வீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம் பிள்ளையின் நோட்டைத் திறங்கள். பலத்துக்கான நேரத்தை அன்றைக்குக் குறைக்காதீர்கள், கோபமாக வந்தவருக்குத்தான் அது அதிகம் தேவை.

பத்து நிமிஷம் ஆயிடுச்சு, அவங்க இன்னும் அழுதுக்கிட்டே பேசறாங்க. எப்படி எழுப்புறது?

காலி இடம் பக்கத்தில் இருந்தால் எழுப்பாதீர்கள், அதற்காகத்தான் அது. இல்லையென்றால், "இதை அவசரமா பேச வேண்டாம்மா, புதன்கிழமை நாலு மணிக்கு அரை மணி நேரம் உட்காருவோம்" என்று நாளும் நேரமும் சொல்லி, அந்தத் துண்டுத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள். "அப்புறம் பேசலாம்" என்று நாள் குறிக்காமல் சொன்னால், பேச மாட்டார்கள் என்றுதான் அவருக்குக் கேட்கும்.

டிஸ்லெக்சியாவா இருக்குமோன்னு சந்தேகம். அன்னைக்கே சொல்லிடலாமா?

அந்தப் பெயரைச் சொல்ல வேண்டாம். நாம் ஆசிரியர்கள், பரிசோதித்துச் சொல்ல வேண்டியவர்கள் வேறு. பத்து நிமிடத்தில் அந்த ஒரு சொல்லைக் கொடுத்து அனுப்பினால், வீடு போய்ச் சேருவதற்குள் அது என்னென்னவோ ஆகிவிடும். பார்த்ததைச் சொல்லலாம்: வரியைத் தவறவிடுகிறாள், கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறாள், அதையே எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறுகின்றன. முதலில் கண்ணும் காதும் பார்த்துவிடுவோம் என்று சொல்லி, தனியாக அரை மணி நேரச் சந்திப்புக்கு நாள் குறியுங்கள்.

அந்த இடைவெளியில் தலைமையாசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரிடம் பேசலாம். கற்றல் குறைபாடு, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் இடம்பெற்றிருக்கிறது. உறுதியானால் தேர்வில் கிடைக்கும் சலுகைகளைப் பற்றியும் அந்த அரை மணி நேரத்தில் நிதானமாகச் சொல்லலாம்.

எல்லாம் பேசி எழுதிக் கொடுத்தும், வீட்டுல யாரும் செய்யலைன்னா?

அந்த ஏழாம் வகுப்புப் பையனையே சொல்கிறேன். மூன்று வாரம் கழித்து நோட்டைப் பார்த்தேன். 42 கணக்கில் 17 தான் போட்டிருந்தான், அதுவும் முதல் ஒன்பது நாளில். அம்மாவுக்குப் போன் செய்து, "ஏன் செய்யலை" என்று கேட்காமல், "எந்த நாள்ல நின்னுச்சு?" என்று கேட்டேன். அக்காவுக்கு டியூஷன் ஆரம்பித்த நாள் அது. ஆக, பையனும் ஏமாற்றவில்லை, வீடும் கைவிடவில்லை. நாங்கள் போட்ட திட்டம் அக்காவின் நேரத்தை நம்பி இருந்தது.

தினமும் இரண்டு என்பதை ஒன்றாகக் குறைத்தோம். வீட்டில் வேண்டாம், மதியச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்துப் பெஞ்சுப் பையனிடம் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும் என்று மாற்றினோம். அந்தப் பையனுக்கு வாசிப்பு நன்றாக வரும், மனக்கணக்கு வராது. இவன் வாசிக்க அவன் திருத்துவான், அவன் திணறும் பெருக்கலை இவன் சொல்வான். அரையாண்டில் வார்த்தைக் கணக்கு ஐந்தில் மூன்றை எழுதியிருந்தான், இரண்டு சரி. அடுத்த சந்திப்பில் அம்மாவிடம் முதலில் திறந்து காட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.